வெள்ள நிவாரணப் பொருள் ஊருக்குள் போய்ச் சேர்வது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணிப் பக்கம் பெய்த மழையை வைத்தே இந்தப் பக்கத்தில் பேசுகிறோம். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ., திருச்செந்தூரில் சுமார் 69 செ.மீ., ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 62 செ.மீ. பதிவானது. ஏரல், ஸ்ரீவைகுண்டம் சுற்று வட்டாரத்தில் பல ஊர்கள் நாள்கணக்கில் துண்டிக்கப்பட்டுக் கிடந்தன. மதுரை வரை லாரி லாரியாக வந்த பொருள் கடைசி சில கிலோமீட்டரில் நின்றுபோனது. அந்தச் சில கிலோமீட்டரைப் பற்றித்தான் பெரும்பாலான கேள்விகள் வருகின்றன.

மழைக்கு முன்னாடியே பொருளை வாங்கி வைக்கணும்னு சொல்றாங்க. எதை, எங்க வைக்கிறது?

எங்கே என்பதிலிருந்து தொடங்குவோம். தாமிரபரணியின் கீழ்ப்பகுதியில் குளங்கள் சங்கிலி போலக் கிடக்கின்றன. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டிலிருந்து வடகால், தென்கால் பிரிந்து ஒரு குளத்தை நிரப்பும், அதன் மறுகால் தண்ணீர் அடுத்த குளத்துக்குப் போகும். மேலே ஒரு கரை உடைந்தால் அந்த வெள்ளம் முழுவதும் கீழே உள்ள குளத்தின் தலையில் விழுகிறது. ஊர்ச் சாலைகள் பல இடங்களில் குளத்துக் கரைமேலேயே ஓடுவதால், கரை போனால் சாலையும் போகிறது. ஆகவே மாவட்டத் தலைநகரில் ஒரே பெரிய கிடங்கு வைத்தால் அது ஆற்றின் ஒரு பக்கத்திலேயே மாட்டிக்கொள்ளும். ஆற்றுக்கு வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று, அதற்கும் கீழே ஐந்தாறு ஊர்களுக்கு ஒன்று எனச் சிறியதாகப் பிரித்து வைப்பதுதான் பயன்தரும். மேட்டில் இருக்கும் பள்ளி, பல்நோக்குப் பாதுகாப்பு மையம், மாடி உள்ள ஊராட்சிக் கட்டடம் எதுவானாலும் சரி, இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டு கேள்விகள் கேளுங்கள். இதற்கு முன் பெரிய வெள்ளத்தில் இங்கே தண்ணீர் எந்த உயரம் வரை நின்றது? வாசலுக்கு வரும் பாதை எந்த ஓடையைத் தாண்டி வருகிறது? கட்டடம் நனையாமல் நின்று, அதற்கு வரும் தரைப்பாலம் மூழ்கிப்போன கிடங்குகள் நிறைய உண்டு.

எதை வைப்பது என்றால், கெடாதது, கனம் குறைந்தது, அந்த நேரத்தில் கடையில் கிடைக்காதது. குளோரின் மாத்திரை, மூடியுள்ள 10 லிட்டர் குடம் அல்லது கேன், தார்ப்பாய், நைலான் கயிறு, டார்ச், பேட்டரி, ஓ.ஆர்.எஸ். பொட்டலம், சானிட்டரி நாப்கின், மிதவைச் சட்டை. அரிசியைத் தனியாக வாங்கிக் குவிக்க வேண்டியதில்லை. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே ரேஷன் கடைகளுக்கு அடுத்த மாத ஒதுக்கீட்டையும் சேர்த்து இறக்கிவிட்டால் அரிசி ஊருக்குள்ளேயே இருக்கும். இவையெல்லாம் செப்டம்பர் கடைசிக்குள் முடிந்திருக்க வேண்டும். எச்சரிக்கை வந்த பிறகு லாரி தேடினால் லாரிக்காரரும் தன் வண்டியை மேட்டுக்கு ஏற்றிக்கொண்டிருப்பார்.

ரேஷன் கடைக்குள்ளயே தண்ணி புகுந்து மூட்டை எல்லாம் வீணாப் போச்சு. அதைத் தவிர்க்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். மூட்டை நனைவது மேலிருந்து அல்ல, அடியிலிருந்து. தரையில் அட்டி போட்டிருந்தால் ஒரு சாண் தண்ணீர் வந்தாலே அடி வரிசை குடித்துவிடும், ஓரிரு நாளில் ஈரம் மேலே ஏறி அடுத்த வரிசையிலும் பூஞ்சணம் பிடிக்கும். மரச்சட்டத்தின்மேல் அட்டி போடுவது வழக்கமான நாட்களுக்குப் போதும். வெள்ள எச்சரிக்கை வந்தால் அது போதாது. செங்கல்லோ சிமென்ட் கல்லோ அடுக்கி, அதன்மேல் பலகை போட்டு இரண்டு, மூன்று அடி உயர்த்த வேண்டும். சுவரிலிருந்து ஒரு முழம் விட்டு அடுக்க வேண்டும். அரிசி அடியில், பருப்பும் சர்க்கரையும் மேலே. சர்க்கரை நனைந்தால் மிச்சமே இருக்காது, அரிசியிலாவது நனையாத மூட்டையைப் பிரித்து எடுக்கலாம்.

இன்னொன்று, சாவி. பொருள் ஊருக்குள் இருந்தும், கடைச் சாவி ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் விற்பனையாளரிடம் மாட்டிக்கொள்வது நடக்கிற விஷயம். மழைக் காலத்தில் மாற்றுச் சாவி ஒன்று ஊரிலேயே தங்கும் கிராம நிர்வாக அலுவலரிடமோ தலையாரியிடமோ இருக்கட்டும். அவசரத்தில் திறந்து கொடுக்கலாம் என்பதற்கு வட்டாட்சியரின் எழுத்து உத்தரவும் முன்கூட்டியே வேண்டும். அந்தத் தாள் இல்லாவிட்டால், பின்னால் தணிக்கைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் திறக்கத் தயங்குவார். அவரைக் குறைசொல்ல முடியாது.

துண்டிக்கப்பட்ட ஒரு ஊருக்கு எவ்வளவு பொருள் வேணும்னு எப்படிக் கணக்குப் போடுறது?

ஒரு ஊரை எடுத்துச் செய்து பார்ப்போம். 300 குடும்பம், 1,200 பேர். சாலை உடைந்து, இறக்குமிடத்திலிருந்து ஊர் 4 கிலோமீட்டர். மூன்று நாளுக்குத் திட்டமிடுகிறோம்.

உணவுக்கு உலக அளவில் எடுத்துக்கொள்ளும் அடிப்படை, ஆளுக்கு ஒரு நாளைக்கு 2,100 கலோரி. நம் சமையலில் அதில் பெரும்பகுதியைத் தருவது 400 கிராம் அரிசி, 60 கிராம் பருப்பு, 25 முதல் 30 மில்லி எண்ணெய், கொஞ்சம் உப்பு. நாலு பேர் குடும்பத்துக்கு மூன்று நாள் என்றால் 5 கிலோ அரிசி, முக்கால் கிலோ பருப்பு, அரை லிட்டர் எண்ணெய். உப்பு, தீப்பெட்டி, மெழுகுவர்த்தி, சோப்பு, ஓ.ஆர்.எஸ். எல்லாம் சேர்த்து ஒரு பை 7 கிலோ வரும். 300 பைக்கு 2,100 கிலோ.

இனி தண்ணீர். குடிக்க மட்டும் ஆளுக்கு 3 லிட்டர் என்றால் ஒரு நாளைக்கு 3,600 லிட்டர், மூன்று நாளைக்கு 10,800 லிட்டர். பத்தே முக்கால் டன்னுக்கும் மேல். சமைக்க, கழுவ, குளிக்க எல்லாம் சேர்த்தால் ஆளுக்கு 15 லிட்டர் வேண்டும், அதைச் சுமந்து கொடுக்கவே முடியாது.

இப்போது படகு. ஒரு படகில் பாதுகாப்பாக 500 கிலோ ஏற்றலாம் என்று வைத்துக்கொள்வோம். ஏற்றி, போய், இறக்கி, திரும்பி வர ஒன்றரை மணி நேரம். டிசம்பரில் வெளிச்சம் நம்பகமாக இருப்பது சுமார் 10 மணி நேரம். ஆக ஆறு நடை, ஒரு நாளைக்கு 3 டன். மூன்று நாள் சாப்பாட்டை ஒரே படகு ஒரே நாளில் கொண்டுபோய்விடும். ஆனால் ஒரு நாள் குடிநீரை மட்டும் ஏற்றவே அந்தப் படகின் முழு நாளும் போதாது. மருந்துக்கோ, கர்ப்பிணியைக் கூட்டிவரவோ படகு மிஞ்சாது. பொருள் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட ஒரு நாளில் எத்தனை நடை போகும் என்பதுதான் இங்கே எல்லை. அதனால் கணக்கை அந்த முனையிலிருந்து தொடங்குங்கள்.

அப்போ தண்ணி பாட்டில் அனுப்பவே கூடாதா?

முதல் நாள் கையில் தண்ணீரே இல்லாதவர்களுக்கு, குழந்தைக்குப் பால் கரைக்க, மருத்துவ முகாமுக்கு அனுப்பலாம். மற்றபடி அதே 3,600 லிட்டரைச் சுத்தம் செய்ய, 20 லிட்டருக்கு ஒன்று என்ற அளவுள்ள குளோரின் மாத்திரை 180 போதும். மூன்று நாளைக்கு 540. ஒரு தோள்பையில் பாதி கூட நிறையாது. படகில் ஒரு சுகாதாரப் பணியாளரின் மடியில் போய்விடும்.

மாத்திரை கொடுத்தால் மட்டும் போதாது, எப்படிப் போடுவது என்று செய்து காட்டவேண்டும். வெள்ளத் தண்ணீர் செம்மண் நிறத்தில் இருக்கும். அதில் அப்படியே மாத்திரை போட்டால் குளோரினைச் சேறே தின்றுவிடும். முதலில் இரவு தெளியவைத்து, மேல்தண்ணீரை நாலாக மடித்த வேட்டித் துணியில் வடிகட்ட வேண்டும். படிகாரம் இருந்தால் கலக்கித் தெளிய வைக்கலாம். பானையின் உள்பக்கம் தேத்தாங்கொட்டை உரைப்பதும் தண்ணீரைத் தெளிய வைக்கும். இவை கிருமியைக் கொல்லாது, மாத்திரை வேலை செய்ய வழிவிடும். வடிகட்டிய பிறகும் கொஞ்சம் கலங்கலாக இருந்தால் இரண்டு மாத்திரை. போட்டு 30 நிமிடம் மூடி வைத்த பிறகு லேசாகக் குளோரின் வாடை வரவேண்டும். வாடையே இல்லை என்றால் போதவில்லை. மாத்திரையின் அளவு கம்பெனிக்குக் கம்பெனி வேறு, அட்டையில் இருப்பதைப் படித்துவிட்டுச் சொல்லுங்கள். விழுங்கும் மாத்திரை என்று நினைத்துவிடாமல் இருக்கத் தமிழில் பெரிய எழுத்தில் ஒரு சீட்டு ஒட்டி அனுப்புவது அவசியம்.

இதைவிடவும் நல்ல வழி ஒன்று பலர் கண்ணில் படுவதில்லை. பெரும்பாலான ஊர்களில் மேல்நிலைத் தொட்டி வெள்ளத்திலும் நிற்கிறது, ஆழ்துளைக் கிணறும் இருக்கிறது, இல்லாதது மின்சாரம்தான். 5 குதிரைத்திறன் நீர்மூழ்கி மோட்டாரைக் கிளப்ப 15 கே.வி.ஏ. அளவுள்ள ஜெனரேட்டர் வேண்டியிருக்கும். மோட்டார் கிளம்பும் நொடியில் இழுக்கும் மின்சாரம் ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு என்பதால் சிறிய ஜெனரேட்டர் நின்றுவிடும். மூன்று பேஸ் மோட்டாரா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். 30,000 லிட்டர் தொட்டி ஒன்று நிறைந்தால் 1,200 பேருக்கு ஆளுக்கு 25 லிட்டர். நல்ல பிளீச்சிங் பவுடர் 1,000 லிட்டருக்கு 4 கிராம் என்பது வழக்கமான அளவு. வெள்ளத்துக்குப் பிறகு அதைக் கூட்டி, தொட்டியிலிருந்து தொலைவான தெருக் குழாயில் குளோரோஸ்கோப் வைத்துப் பார்த்து, லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிஞ்சுகிறதா என்று உறுதிசெய்ய வேண்டும். வெள்ளத்தில் மூழ்கிய ஆழ்துளைக் கிணறு என்றால் முதலில் வரும் தண்ணீரை வெளியே விட்டு, குளோரின் ஊற்றி வைத்துவிட்டுத்தான் தொட்டிக்கு ஏற்றலாம்.

இந்த ஜெனரேட்டர் சிறு படகில் ஏறாது. ஆகவே வரிசை இப்படி அமையும். முதல் நாள் படகில் மாத்திரையும் கேனும், டிராக்டர் போகும் அளவுக்கு வழி கிடைத்தவுடன் முதல் டிராக்டரில் ஜெனரேட்டர், டீசல், ஒரு எலக்ட்ரீஷியன்.

அரிசி கொடுத்தா எப்படிச் சமைப்பாங்க? அடுப்பே தண்ணிக்குள்ள இருக்கே.

முதல் இரண்டு நாளைக்கு அரிசி உதவாது என்பது உண்மைதான். அவல், பொட்டுக்கடலை, வெல்லம், பன், பிஸ்கட், வாழைப்பழம் இவைதான் அப்போது உணவு. அவலை நனைத்தால் போதும், கனமும் இல்லை. குழந்தை, முதியவர் எல்லோரும் சாப்பிடலாம்.

சமைத்த பொட்டலம் அனுப்புவதென்றால் நேரத்தைக் கணக்கில் வையுங்கள். காலை ஆறு மணிக்குச் சூடாகக் கட்டிய சாம்பார் சாதம், லாரி, படகு என்று மாறி மதியம் கையில் கிடைக்கும்போது ஊசிப்போயிருக்கும். ஒரு ஊரே வயிற்றுப்போக்கில் விழுந்தால் இருக்கிற துன்பத்தோடு அதுவும் சேரும். தொலைவுக்குப் புளிசாதம்தான், அதையும் ஆறவைத்துக் கட்டவேண்டும். கட்டிய நேரத்தைப் பெட்டியின்மேல் எழுதுங்கள், அதைப் பார்த்துத்தான் இறக்குமிடத்தில் இருப்பவர் எது முதலில் போகலாம் என்று முடிவெடுப்பார்.

மூன்றாம் நாளிலிருந்து ஊருக்குள்ளேயே ஒரு பொதுச் சமையல் போடுவது எல்லாவற்றையும்விட நல்லது. கோயில், பள்ளி, கல்யாண மண்டபம் எங்கேயாவது அண்டாவும் கரண்டியும் நிச்சயம் இருக்கும். அவர்களுக்கு நாம் கொண்டுபோக வேண்டியது சிலிண்டர், பெரிய அடுப்பு, அரிசி, பருப்பு, எண்ணெய். ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் நின்றுபோன செந்தூர் எக்ஸ்பிரஸ் இதற்குச் சரியான உதாரணம். டிசம்பர் 17 இரவு திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய அந்த ரயிலில் சுமார் 800 பேர். தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் அரித்துக்கொண்டு போனதால் ரயில் முன்னே போக முடியவில்லை. சுமார் 300 பேரைப் பக்கத்துப் பள்ளிக்கு மாற்றிய நிலையில் சாலையும் துண்டித்தது. வெளியிலிருந்து உதவி எட்டும்வரை அவர்களுக்குச் சமைத்துப் போட்டவர்கள் பக்கத்து ஊர் மக்கள். தங்கள் வீட்டிலும் தண்ணீர் புகுந்திருந்த நேரத்தில் செய்தார்கள். ஹெலிகாப்டரில் உணவு போட்டதும், மீட்புப் படையினர் வந்து பயணிகளை வெளியே கொண்டுவந்து பேருந்தில் வாஞ்சி மணியாச்சிக்கு அனுப்பி, அங்கிருந்து சிறப்பு ரயிலில் சென்னைக்கு ஏற்றியதும் அதன் பிறகு. இப்படி ஓர் ஊர் தன் இருப்பை விருந்தினருக்குக் கொடுத்துத் தீர்த்திருந்தால், அந்த ஊரும் நிவாரணப் பட்டியலில் முன்னுக்கு வரவேண்டும். கணக்கில் விடுபடுவது பெரும்பாலும் இவர்கள்தான்.

தண்ணி வடிஞ்சிட்டே இருக்கு, ரோடு கண்ணுக்குத் தெரியுது. லாரியை விடலாமா?

கண்ணுக்குத் தெரியும் சாலையை நம்ப வேண்டாம். வெள்ளம் சாலையைத் தாண்டி விழும்போது, விழும் பக்கத்தில் மண்ணைக் குடைகிறது. மேலே தார் அப்படியே இருக்கும், அடியில் இரண்டு, மூன்று அடி உள்ளே மண்ணே இருக்காது. ஆள் நடந்தால் தாங்கும், பைக்கும் தாங்கும். 16 டன் ஏற்றிய லாரியின் இடது சக்கரம் ஓரத்துக்குப் போனவுடன் தட்டு உடைவதுபோல் உடையும். லாரி சாய்ந்தால் அந்த ஒரே வழியும் கிரேன் வரும்வரை அடைபடும்.

எனவே யாராவது இறங்கி ஓரத்தைக் கீழிருந்து பார்க்க வேண்டும். சாலை விளிம்புக்கு இணையாக நீளமாக ஓடும் விரிசல், விளிம்பு லேசாகத் தொங்கிப்போயிருப்பது, குழாய்ப்பாலத்தின் கீழ்ப்பக்கம் தண்ணீர் கலங்கலாகக் கொப்பளித்து வருவது, மின்கம்பமோ கைப்பிடிச் சுவரோ சாய்ந்திருப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் கனரக வண்டிக்கு அனுமதி இல்லை. பாலத்தில் அதிகம் போவது அதன் இரு முனையிலும் உள்ள மண் அணுகுசாலை. பாலம் நிற்கும், ஏறும் இடம் இருக்காது.

தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு அடி ஆழமே சின்னக் காரை மிதக்க வைக்கும், இரண்டு அடி ஓட்டம் பெரும்பாலான வண்டிகளை இழுத்துக்கொண்டு போகும். டிராக்டர் உயரமானது என்ற துணிச்சலில் ஓடும் தண்ணீரில் இறங்கக் கூடாது. தேங்கி நிற்கும் தண்ணீரில் சக்கரத்தின் நடுக்குடம் வரை போகலாம், ஊர் வழி தெரிந்தவர் கம்போடு முன்னே நடக்க வேண்டும். டிராக்டர் டிரெய்லரில் 3 டன்னுக்கு மேல் ஏற்றாதீர்கள், சேற்றில் இழுக்க வராது.

எந்தச் சாலையில் எந்த வண்டி போகலாம் என்ற நிலவரத்தைத் தினமும் காலை, மாலை இருவேளை ஒரே இடத்திலிருந்து வெளியிட வேண்டும். "திறந்திருக்கிறது" என்று மட்டும் சொன்னால் பயனில்லை. நடந்து, பைக், டிராக்டர், சிறு லாரி, பத்துச் சக்கர லாரி என்று ஐந்து நிலையில் சொல்லி, பார்த்த நேரத்தையும் எழுத வேண்டும். ஆறு மணி நேரத்துக்கு முந்தைய தகவலை மழை பெய்துகொண்டிருக்கும் நாளில் பழைய தகவலாகவே கருதுங்கள்.

ரப்பர் படகு நல்லதா, மீனவர்களோட ஃபைபர் படகு நல்லதா?

இரண்டுக்கும் இடம் வேறு. மீட்புப் படையின் ரப்பர் படகு ஒரு ஜீப்பில் வரும், நாலு பேர் தூக்கி உடைப்பைத் தாண்டி வைக்கலாம், தெருவுக்குள் நுழையும். ஆனால் வாழைத் தோட்ட வேலிக் கம்பி, முள், தகரக் கூரை விளிம்பு எதில் பட்டாலும் கிழியும். தாமிரபரணிக் கரை முழுக்க வாழைத்தோட்டம் என்பதால் இது சின்ன ஆபத்தில்லை.

ஃபைபர் படகு அதிகச் சுமை தாங்கும், ஓட்டத்தை எதிர்த்து நிற்கும். 2018 கேரள வெள்ளத்தில் மீனவர்கள் லாரியில் படகை ஏற்றிக்கொண்டு உள்நாட்டு ஊர்களுக்கு வந்து ஆயிரக்கணக்கானவரைக் காப்பாற்றினார்கள். இங்கும் கடற்கரை அருகிலேயே இருக்கிறது. ஆனால் படகை இறக்கப் பத்துப் பதினைந்து பேர் வேண்டும், ஆழம் குறைந்த வயலில் தட்டிவிடும். ஆகாயத்தாமரையும் வைக்கோலும் விசிறியில் சுற்றிக்கொண்டால் மோட்டார் சூடேறி நிற்கும். உதிரி விசிறி, அதன் பூட்டு ஊசி, ஒரு கத்தி, துடுப்பு இல்லாமல் கிளம்பக் கூடாது.

ஓட்டுபவர் கடலில் கைதேர்ந்தவராக இருந்தாலும் வயலின் அடியில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. ஒவ்வொரு படகிலும் அந்த ஊர்க்காரர் ஒருவர் முன்னால் உட்கார வேண்டும். கிணறு எங்கே, கம்பி வேலி எங்கே, மடை எங்கே என்று அவர்தான் சொல்வார். உடைப்பைக் கடக்கும்போது அதன் வாய்க்கு நேராகப் போகாமல், மேலே தள்ளிப்போய் ஓட்டம் தளர்ந்த இடத்தில் கடக்க வேண்டும். மின்கம்பி தண்ணீரில் கிடக்கலாம், எனவே அந்தப் பகுதி மின்பாதை துண்டிக்கப்பட்டதாக மின்வாரியத்திடம் உறுதி வாங்கிய பின்பே படகு இறங்கலாம்.

பெட்ரோலைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 25 குதிரைத்திறன் மோட்டார் முழு வேகத்தில் மணிக்குச் சுமார் 10 லிட்டர் குடிக்கும். ஐந்து படகு ஓடினால் ஒரு நாளைக்குச் சில நூறு லிட்டர். பங்க்கின் நிலத்தடித் தொட்டியில் தண்ணீர் கலந்திருந்தால் மோட்டார் பாதி வழியில் நிற்கும். வெள்ளம் தொடாத பங்க் ஒன்றிலிருந்து கேனில் வரவழைத்து, இரண்டு நாள் ஓட்டத்துக்கு வேண்டியதை முன்கூட்டியே இருப்பு வையுங்கள்.

ஹெலிகாப்டர்ல போட்டா எல்லாம் சுலபமா முடிஞ்சிடாதா?

ஹெலிகாப்டர் மற்ற வழியெல்லாம் மூடியபோதுதான். எம்.ஐ.-17 சுமார் 4 டன் தூக்கும் என்றாலும், தொலைவுக்கு ஏற்ப எரிபொருள் ஏற்றினால் சுமை குறையும். கோவை அருகே சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து ஸ்ரீவைகுண்டம் நேர்கோட்டில் 270 கிலோமீட்டருக்கு மேல், போகவே ஒரு மணி நேரத்துக்குக் கூடும். அருகில் உள்ள விமான நிலையத்திலிருந்து பறந்தால்தான் நடை கூடும், ஆனால் மழைமேகம் தாழ்வாக இருந்தால் எங்கிருந்தும் பறக்க முடியாது. மழை உச்சத்தில் இருக்கும் முதல் நாள், அதாவது மக்கள் மிகவும் தவிக்கும் நாள், வானத்தை நம்பித் திட்டம் போடக் கூடாது.

அந்த ரயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். 800 பேருக்கு ஆளுக்கு இரண்டரை லிட்டர் தண்ணீர் என்றால் 2 டன், பாதி ஹெலிகாப்டர். உயரத்திலிருந்து தண்ணீர்ப் பாக்கெட்டைப் போட்டால் பல வெடித்துவிடும். போடுவதற்கு ஏற்றது அவல், பிஸ்கட், மாத்திரை போன்றவை. இரண்டு, மூன்று கிலோ அளவில் பாலித்தீனில் கட்டி, இரட்டைச் சாக்கில் தளர்வாகத் தைத்துப் போட வேண்டும், இறுக்கித் தைத்தால் விழும்போது பிய்யும். கீழே நிற்பவர் விலகியிருக்க வேண்டும். இறங்குவதென்றால் மரம், கம்பி இல்லாத 50 மீட்டருக்கு 50 மீட்டர் கெட்டித் தரை வேண்டும். அங்கே கிடக்கும் தார்ப்பாயையும் தகரத்தையும் முன்பே அகற்றுங்கள், விசிறிக் காற்றில் பறந்துவந்து மேலே மாட்டினால் ஹெலிகாப்டரே விழும்.

இடத்தைச் சொல்வதில் ஒரு பிழை திரும்பத் திரும்ப வருகிறது. ஸ்ரீவைகுண்டத்தின் அட்சரேகை கைபேசியில் `8.63` என்று காட்டும், விமானி பயன்படுத்தும் முறையில் அது `8°37.8'`. இதை ஒருவர் அவசரத்தில் `8.378` என்று எழுதிக்கொண்டால் புள்ளி சுமார் 28 கிலோமீட்டர் தெற்கே விழுகிறது. எண்ணோடு எந்த முறை என்பதையும், அருகில் தெரியும் அடையாளத்தையும், உதாரணமாக "தண்ணீர்த் தொட்டிக்குக் கிழக்கே பள்ளி மாடி" என்று, சேர்த்தே அனுப்புங்கள்.

ஒரே ஊருக்கு ஏழு வண்டி போகுது, உள்ள இருக்கிற ஊருக்கு ஒண்ணும் போகலை. யார் இதைச் சரி செய்யணும்?

சாலையோர ஊர் வண்டிக்காரர் கண்ணில் படுகிறது, உள்ளே தள்ளி இருக்கும் கிராமம் படுவதில்லை. எல்லா வெள்ளத்திலும் நடப்பது இதுதான், கெட்ட எண்ணம் காரணமில்லை. பொறுப்பு மாவட்ட ஆட்சியருடையது. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநில அறை 1070. பெரிய வெள்ளத்தில் அரசு மூத்த அதிகாரிகளைக் கண்காணிப்பு அலுவலர்களாக அனுப்பும். வருவாய்த் துறை, ஊரக வளர்ச்சி, சுகாதாரம், மின்வாரியம், பேரிடர் மீட்புப் படை, ராணுவம், தொண்டு நிறுவனங்கள் என்று ஒவ்வொன்றும் தனித்தனி வாட்ஸ்அப் குழுவில் இயங்கினால் ஒரே கோரிக்கை நாலு இடத்தில் பதிவாகி நாலு வண்டி கிளம்பும்.

அதைத் தடுக்க ஒரே அட்டவணை போதும். ஊர், குடும்ப எண்ணிக்கை, சொன்னவர், சொன்ன நேரம், என்ன தேவை, எந்த வண்டி போகும், யார் ஏற்றார், எப்போது சேர்ந்தது. கடைசிக் கட்டம் நிரம்பாத வரை அந்தக் கோரிக்கை முடிந்ததாகாது, "அனுப்பிவிட்டோம்" என்பது கணக்கில்லை. இன்னொரு நுட்பம், எந்த ஊரிலிருந்து கோரிக்கையே வரவில்லை என்று தினமும் பார்ப்பது. செல்போன் கோபுரம் போன ஊர் பேசாது. வருவாய்க் கிராமப் பட்டியலை வைத்து ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தால், 24 மணி நேரமாகச் சத்தமில்லாத ஊர்கள் வெளியே வரும். முதல் படகு அங்கேதான் போக வேண்டும்.

2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் குவிந்த நிறுவனங்களுக்காக மாவட்ட நிர்வாகத்தோடு சேர்ந்து ஓர் ஒருங்கிணைப்பு மையம் நடந்தது. எந்த ஊரில் யார் வேலை செய்கிறார்கள் என்ற தகவல் அங்கே திரட்டப்பட்டது. அதைப்போல ஒரு மேசை, நாளுக்கு ஒருமுறை அரைமணி நேரக் கூட்டம், இவ்வளவுதான் தேவை.

சுகாதாரத் துறையின் கையில் இருக்கும் ஒரு பட்டியலையும் இந்த மேசைக்குக் கொண்டுவாருங்கள். பிரசவத் தேதி நெருங்கிய கர்ப்பிணிகள் யார் என்று கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிவு இருக்கிறது. டயாலிசிஸ் செய்பவர், இன்சுலின் போடுபவர் பெயரையும் சேர்த்து, எச்சரிக்கை வந்த அன்றே அவர்களை மருத்துவமனை உள்ள ஊருக்குக் கொண்டுவந்துவிட்டால், நடுராத்திரியில் ஹெலிகாப்டர் கேட்க வேண்டிய அழைப்புகளில் பல எழவே எழாது.

நாங்க நண்பர்கள் சேர்ந்து ஒரு லாரி பொருள் திரட்டியிருக்கோம். நேரா ஊருக்கே கொண்டு போகலாமா?

கிளம்பும் முன் 1077-இல் அழையுங்கள், எந்த இறக்குமிடம் என்று கேட்டு அங்கே போங்கள். ஒரே வகை மூட்டையாக இருந்தால் 10 டன்னை நாலு லோடுமேன் ஒன்றரை மணி நேரத்தில் இறக்கிவிடுவார்கள். அதே லாரியில் பிஸ்கட், சோப்பு, போர்வை, மருந்து எல்லாம் கலந்து அட்டைப்பெட்டியில் வந்தால் பிரிக்கவே அரை நாள், அதுவரை பின்னால் வரும் வண்டி சாலையில் நிற்கும். ஒரு வண்டிக்கு ஒரு வகைப் பொருள், அல்லது எல்லாம் சேர்ந்த ஒரே மாதிரிக் குடும்பப் பை. படகிலும் தலைச்சுமையிலும் போக வேண்டியதால் எந்த மூட்டையும் 25 கிலோவைத் தாண்ட வேண்டாம். வழிச்சீட்டு மூன்று நகல் எழுதுங்கள், ஒன்று உங்களிடம், ஒன்று ஓட்டுநரிடம், ஒன்று இறக்குமிடத்தில். இறங்கிய எண்ணிக்கையில் குறைந்தால் அப்போதே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

பழைய துணி கொடுக்கலாமா?

வேண்டாம். சுனாமியின்போதும் 2015 சென்னை வெள்ளத்தின்போதும் பழைய துணி சாலையோரம் குவிந்து, நனைந்து, குப்பையாக அள்ளப்பட்டது. பிரித்துத் துவைத்து அளவு பார்க்க அங்கே ஆள் இல்லை. புது லுங்கி, நைட்டி, உள்ளாடை, துண்டு, பாய், போர்வை கேட்டார்கள் என்றால் புதிதாக வாங்கி அளவு எழுதி அனுப்புங்கள்.

பொருள் கொடுக்கிறதை எப்போ நிறுத்தணும்?

ரேஷன் கடையும் உள்ளூர் மளிகைக் கடையும் திறந்து, வாரத்துக்கு இருமுறை லாரி வரத் தொடங்கியதும். அதற்குப் பிறகும் இலவச அரிசி வந்துகொண்டிருந்தால், சரக்கெல்லாம் நனைந்து கடனில் கடையைத் திறந்திருக்கும் அந்த மளிகைக்காரரிடம் யாரும் வாங்க மாட்டார்கள். கடை மூடினால் அடுத்த மாதம் ஊரே 10 கிலோமீட்டர் போக வேண்டும். அந்தக் கட்டத்தில் பணமாகக் கொடுப்பது சரி, ஆனால் ஏ.டி.எம். வேலை செய்கிறதா, வங்கிக் கணக்குப் புத்தகமும் அட்டையும் வெள்ளத்தில் போனவர் எத்தனை பேர் என்று முதலில் பாருங்கள். மிஞ்சிய மாத்திரை, தார்ப்பாய், கேன் இவற்றை எண்ணி, காயவைத்து, காலாவதித் தேதியோடு இருப்பு அட்டையில் ஏற்றி, அதே மேட்டுக் கிடங்கில் திரும்ப வைத்துவிடுங்கள். நனைந்த தார்ப்பாயை மடித்தே வைத்தால் அடுத்த அக்டோபரில் பிரிக்கும்போது மடிப்பெல்லாம் பூஞ்சணமாக ஒட்டிக்கொண்டிருக்கும்.